ஒரே கிராபிக்ஸ் சிப், இரண்டு லேப்டாப், இரண்டு வேகம்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

திருப்பூரில் எங்கள் சர்வீஸ் மேசைக்கு இந்தப் புகார் ஏறக்குறைய ஒரே வாசகத்தில்தான் வரும். "ஏனுங்ண்ணா, அவன் லேப்டாப்புலயும் 4060, என்னதுலயும் 4060. அவனுக்கு மட்டும் வழுக்கிட்டு ஓடுது, எனக்குத் திக்குதுங்க. சிப்பு டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ள என்விடியா அனுமதிக்கிறது. அதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்று 25 வாட் வரை கூடுதலாகவும் கொடுக்கலாம். எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் செய்யும் கம்பெனி தன் விசிறி, ஹீட் பைப், சார்ஜர் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறது. ஸ்டிக்கரில் பெயர் மட்டும் மாறாது. முன்பெல்லாம் மெல்லிய மாடல்களில் பெயரோடு மேக்ஸ்-கியூ என்று சேர்த்திருப்பார்கள். 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அந்த ஒட்டும் போய்விட்டது. அதனால் பெயரை விட்டுவிட்டு, வேலை செய்யும்போது சிப் எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதை எடுங்கள்

சார்ஜரைச் செருகுங்கள். கேமையோ ரெண்டரையோ ஓடவிடுங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ட் திறந்து இதை அடியுங்கள்:

```
nvidia-smi --query-gpu=power.draw,clocks.gr,temperature.gpu,utilization.gpu --format=csv -l 2
```

இரண்டு வினாடிக்கு ஒரு வரி ஓடும். வாட், மெகாஹெர்ட்ஸ், வெப்பம், சிப் எத்தனை சதவீதம் வேலையாக இருக்கிறது என்று நான்கு எண்கள். பதினைந்து நிமிடமாவது ஓடவிட்டு, முதல் நிமிடத்து வரி ஒன்றையும் கடைசி நிமிடத்து வரி ஒன்றையும் எழுதி வையுங்கள். நிறுத்த `Ctrl+C`.

அப்புறம் என்விடியா கண்ட்ரோல் பேனலில் `System Information` திறந்தால் `Maximum Graphics Power` என்று ஒரு வரி இருக்கும். உங்கள் மிஷினுக்குக் கம்பெனி வைத்திருக்கும் உச்ச அளவு அதுதான். பெரும்பாலும் டைனமிக் பூஸ்ட்டையும் சேர்த்த எண்ணாக இருக்கும்.

இந்த எண்கள் கையில் இருந்தால் கீழே எந்தத் தலைப்புக்குப் போவது என்று தெரிந்துவிடும். முதலில் நான்காவது எண்ணைப் பாருங்கள். அது 95-க்கு மேல் இருந்தால்தான் இது வாட் பிரச்சினை. 50, 60 என்று இருந்தால் சிப்புக்குப் பசியே எடுக்கவில்லை என்று பொருள். நேராக ஐந்தாவது அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 1: வாங்கிய நாளிலிருந்தே நண்பனுடையதைவிட மெதுவாக இருக்கிறது

வாட் நிலையாக நிற்கிறது, வெப்பமும் அடங்கி இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை என்றால் இந்தத் தலைப்பு.

எளிய காரணம்: மோடு. ஏறக்குறைய எல்லா கேமிங் லேப்டாப்பிலும் அமைதி, நடுத்தரம், முழு வேகம் என்று மூன்று மோடு இருக்கும். சிலவற்றில் `Fn+Q`, சிலவற்றில் `Fn+F5`, சிலவற்றில் கம்பெனியின் சொந்த ஆப்புக்குள் போய் மாற்ற வேண்டும். அமைதி மோடில் சிப்புக்குக் கிடைக்கும் வாட் வெகுவாகக் குறைந்துவிடும். ராத்திரி ஹாஸ்டலில் விசிறி சத்தம் கேட்கக் கூடாது என்று ஒருமுறை போட்டுவிட்டு, அப்படியே மறந்துவிடுகிறவர்கள் நிறைய. முழு வேக மோடுக்கு மாற்றி அதே பதினைந்து நிமிடத்தை மறுபடி ஓட்டுங்கள். விண்டோஸின் பேட்டரி ஐகானில் உள்ள பவர் மோடு வேறு, இது வேறு. அதை மட்டும் மாற்றிவிட்டு மாற்றமில்லையே என்று சொல்வதில் பயனில்லை.

அடுத்த காரணம்: கம்பெனி வைத்த அளவே அவ்வளவுதான். `Maximum Graphics Power` 75 என்று காட்டுகிறது, நீங்கள் எடுத்த எண்ணும் 73, 74 என்று நிற்கிறது என்றால் மிஷினில் பழுதே இல்லை. நண்பனுடையது 140 என்று காட்டினால், இரண்டும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

ஆனால் 140 என்பதைப் பார்த்து 75-ஐப் போல இரண்டு மடங்கு ஓடும் என்று கணக்குப் போடாதீர்கள். 4060-இல் 100 வாட்டைத் தாண்டிய பிறகு சிப்பின் வோல்ட்டேஜ் வரம்பு குறுக்கே வந்துவிடும். 140 என்று எழுதிய மிஷின்களிலும் பெரும்பாலான கேம்களில் 100, 110 வாட்டைச் சுற்றித்தான் நிற்கும். ஆக 110-க்கும் 140-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 45 அல்லது 60 வாட் மிஷினுக்கும் 100 வாட் மிஷினுக்கும் உள்ள வித்தியாசம்தான் கண்ணுக்கே தெரியும். அதற்குப் பணம் கொடுக்கலாம்.

இதைச் சரிசெய்ய முடியுமா? வாட்டைக் கூட்ட முடியாது. இருக்கிற வாட்டுக்குள் கொஞ்சம் கூடுதல் வேகம் எடுக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற ஆப்பில் `Core Clock` என்ற ஸ்லைடரை +50-இல் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் 25 கூட்டி, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வாட் வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும் சிப்பில் இது வோல்ட்டேஜைக் குறைப்பதற்குச் சமம். அதே 75 வாட்டில் மெகாஹெர்ட்ஸ் கொஞ்சம் ஏறும். திரை உறைந்தாலோ கேம் மூடிக்கொண்டாலோ 50 இறக்கிவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். +100, +150 வரை பல சிப்புகள் தாங்கும், சில தாங்காது. சில மாடல்களில் கம்பெனியே இதைப் பூட்டி வைத்திருக்கும்.

செய்யக்கூடாதது: நண்பனின் மிஷினிலிருந்து வீபயாஸை, அதாவது கிராபிக்ஸ் சிப்புக்குள் கம்பெனி எழுதி வைத்த மென்பொருளை, எடுத்து இதில் ஏற்றுவது. 75 வாட் மிஷினின் போர்டில் சிப்புக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி, ஹீட் பைப், சார்ஜர் எல்லாமே 75-க்காகக் கணக்குப் போட்டவை. வீடியோ பார்த்து ஏற்றிவிட்டு, திரையே வராமல் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்புறம் போர்டில் உள்ள பயாஸ் சிப்பில் புரோகிராமர் வைத்து நேரடியாக எழுத வேண்டியிருக்கும். வாரண்டியும் போய்விடும்.

இன்னும் வாங்கவில்லை என்றால், ஷோரூமில் டெமோ மிஷினில் அந்த `System Information` பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் நீங்களே திறங்கள். ஒரு நிமிட வேலை. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் 4 ஜிபியா, 6 ஜிபியா? இங்கே வாட் மட்டுமில்லை, சிப்பே வேறு. 4 ஜிபியில் 2048 கோர், 6 ஜிபியில் 2560 கோர். பெயர் இரண்டுக்கும் 3050-தான்.

## அறிகுறி 2: முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் தேய்கிறது

நீங்கள் எழுதி வைத்த முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிடுங்கள். வாட்டும் மெகாஹெர்ட்ஸும் இறங்கி, வெப்பம் 85, 87 டிகிரியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால் இது வெப்பம். சந்தேகமிருந்தால் தேய்ந்த நிலையில் இதை அடியுங்கள்:

```
nvidia-smi -q -d PERFORMANCE
```

`SW Power Cap : Active` என்றால் கம்பெனி வைத்த வாட் வரம்பு. `SW Thermal Slowdown` அல்லது `HW Thermal Slowdown` என்றால் வெப்பம். `HW Power Brake Slowdown : Active` என்று வந்தால் சார்ஜர் பக்கம், நான்காவது அறிகுறியைப் பாருங்கள்.

எங்கள் ஊரில் வருகிறவற்றில் பாதிக்கு மேல் இந்த வகைதான். காரணம் பஞ்சு. சென்னைக்காரர்களுக்கு லேப்டாப்புக்குள் தூசி சேரும். பனியன் கம்பெனிக்குள் இருக்கும் லேப்டாப்புக்குள், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், பறக்கும் பஞ்சு படிந்து படிந்து ஒரு பட்டையாகவே இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டைகள் சுத்தமாகத் தெரியும். பட்டை உள்பக்கத்தில் இருக்கிறது. கட்டிங் செக்‌ஷன் பக்கத்து அறையில் டிசைன் செய்கிறவர்களுக்கு, பல்லடம் பக்கம் தறிக்கூடத்துக்கு ஒட்டிய வீட்டில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் இதே கதைதான்.

எளிய சோதனை: மிஷினின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்து, ஏசி இருந்தால் போட்டு, மறுபடி ஓட்டுங்கள். வாட் நன்றாக ஏறினால் காற்று உள்ளே போகும் வழிதான் பிரச்சினை. ஏப்ரல், மே மாதத்தில் ஈரோட்டிலும் கரூரிலும் அறையே கொதித்துக் கிடக்கும்போது, ஆரோக்கியமான மெல்லிய மிஷின்கூட ஐந்து, பத்து வாட் இழக்கும். அதைப் பழுதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மெத்தை மேல் வைத்து விளையாடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செலவில்லாத அடுத்த வழி: சிபியுவை அடக்குவது. மெல்லிய மிஷின்களில் சிபியுவுக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் ஒரே ஹீட் பைப்தான் ஓடும். சிபியு பூஸ்ட்டில் ஏறி வெப்பத்தைக் கொட்டினால் சிப்பின் பங்கு குறையும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் `Maximum processor state` என்பதை 100-லிருந்து 99 ஆக்குங்கள். சிபியுவின் பூஸ்ட் நின்றுவிடும். கேமில் ஃப்ரேம் குறைவதற்குப் பதில் கூடினால், சிப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். சிபியுவை நம்பி ஓடும் கேமில் இது எதிர்ப்பக்கம் போகும். அப்போது திரும்ப 100 ஆக்கிவிடுங்கள்.

அப்புறம் சுத்தம் செய்வது. கீழ் மூடியைக் கழற்றத் தெரிந்தவர்கள் செய்யலாம். மிஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. விசிறியின் ஸ்க்ரூக்களை எடுத்து விசிறியைத் தூக்கினால் தகடுகளின் வாயில் பஞ்சுப் பட்டை தெரியும். ஊதாமல், ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து உரித்தால் முழுதாக வரும். மிச்சத்தைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

தையல் மிஷினுக்கு ஊதும் கம்ப்ரஸர் கன்னை மட்டும் லேப்டாப்புக்குள் காட்ட வேண்டாம். கார்மென்ட்ஸில் கையெட்டும் தூரத்தில் அது தொங்குகிறது, டக்கென்று எடுத்து ஊதிவிடுகிறார்கள். அந்த அழுத்தத்தில் விசிறி தாறுமாறாகச் சுழன்று பேரிங் போய்விடும். மழைக்காலத்தில் லைனில் தண்ணீரும் சேர்ந்து வரும். வெளியிலிருந்து ஊதினால் பட்டை இன்னும் உள்ளேதான் இறுகும். கம்ப்ரஸர் ஊதி வந்த மிஷின்களுக்கு விசிறி வாங்கும் செலவு தனி.

கடைசியாக பேஸ்ட். பட்டையை எடுத்த பிறகும் விசிறி முழுவேகத்தில் ஓடும்போது வெப்பம் அப்படியே இருந்தால், சிப்பின் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. இதைக் கடையில் கொடுங்கள். சிப்பைச் சுற்றியுள்ள மெமரிக்கும் கரண்ட் பகுதிக்கும் தெர்மல் பேட் இருக்கும். அதன் தடிமன் இடத்துக்கு இடம் வேறு. தடிமன் மாறிப் போட்டால் ஹீட் சிங்க் சிப்பில் சரியாக உட்காராது, முன்பைவிட மோசமாகும். சில விலையுயர்ந்த மாடல்களில் பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் இருக்கும். அது கரண்ட்டைக் கடத்தும், ஒரு துளி போர்டில் விழுந்தால் ஷார்ட். அந்த மாடலைத் திறந்து பழகியவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

### ஒரே டிசைன் செக்‌ஷனில் இரண்டு மிஷின்

பிறவி வித்தியாசமும் பின்னால் வந்த பழுதும் கலந்து வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் துணி டிசைனை முப்பரிமாணத்தில் காட்டும் வேலைக்கு இரண்டு 4060 லேப்டாப் வாங்கியிருந்தார்கள். ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. ஒரே ஃபைலை ரெண்டர் போட்டால் தடிமனானதில் 11 நிமிடம், மெல்லியதில் 18 நிமிடம். மெல்லியதை வைத்திருந்த தங்கச்சிக்கு முதலாளியிடம் தினமும் பேச்சு. "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, இதுதான் ஓட மாட்டேங்குதுங்க" என்று பையோடு கொண்டு வந்து வைத்தார்.

எண்களை எடுத்தோம். தடிமனானது 108 வாட்டில் 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நின்றது, 76 டிகிரி. மெல்லியதன் `Maximum Graphics Power` 75. முதல் நிமிடத்தில் 74 வாட் இழுத்தது. பத்தாவது நிமிடத்தில் 52 வாட், 1,500 மெகாஹெர்ட்ஸ், 87 டிகிரி. `SW Thermal Slowdown` ஆக்டிவ்.

இதில் 108-க்கும் 74-க்கும் உள்ள இடைவெளி லேப்டாப் கம்பெனி வைத்தது, அதில் நாம் கை வைக்க முடியாது. 74-க்கும் 52-க்கும் உள்ளது பழுது. திறந்தால் இரண்டு விசிறியிலும் பட்டை, வலது பக்கத்தில் வெள்ளையும் நீலமுமாக நூல் தூள் சேர்ந்து தகடே மறைந்திருந்தது. உரித்தெடுத்து, பேஸ்ட்டைத் தொடாமல் மூடினோம். பத்தாவது நிமிடத்தில் 74 வாட், 1,950 மெகாஹெர்ட்ஸ், 79 டிகிரி. ரெண்டர் பதின்மூன்றரை நிமிடத்துக்கு வந்தது. `Core Clock` +100 வைத்ததில் இன்னும் அரை நிமிடம் போல இறங்கியது.

முதலாளி போனில், "மிச்சம் ரெண்டு நிமிஷத்தையும் எடுத்துக் குடுத்துருங்களேன்" என்றார். அது இந்த மிஷினில் இல்லை, வேறு மிஷின் வாங்கினால்தான் என்றோம். தங்கச்சியைத் திட்டுவது நின்றதா என்று தெரியாது. மிஷினை மட்டும் கட்டிங் செக்‌ஷன் கதவருகிலிருந்து உள் அறைக்கு மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள்.

## அறிகுறி 3: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, விண்டோஸ் போட்ட பிறகு குறைந்துவிட்டது

வெப்பம் குறைவு, சிப் 99 சதவீதம் வேலையில் இருக்கிறது, ஆனால் வாட் முன்பு போன அளவுக்கு ஏறாமல் 80 போன்ற ஒரு எண்ணில் கோடு போட்டது போல நிற்கிறது. இது சாஃப்ட்வேர்.

விண்டோஸ் புதிதாகப் போடுகிறவர்கள் என்விடியா டிரைவரைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கொடுத்துவிடுவார்கள். ஆனால் முழு வேக மோடைத் தரும் கம்பெனி ஆப்பும், அதோடு வரும் சிஸ்டம் டிரைவர்களும் இல்லாவிட்டால் மிஷின் நடுத்தர மோடிலேயே நின்றுவிடும். உங்கள் மாடல் எண்ணைப் போட்டு கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து அவற்றை இறக்கிப் போடுங்கள். மோடு மாற்றும் கீ வேலை செய்கிறதா, விசிறி சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள்.

அது சரியாக இருந்தும் அந்தக் கடைசி 25 வாட் வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். Software என்று தொடங்கும் பிரிவுகளுக்குள் `NVIDIA Platform Controllers and Framework` என்று ஒன்று இருக்க வேண்டும். டைனமிக் பூஸ்ட் இதன் வழியாகத்தான் வேலை செய்கிறது. அது இல்லாவிட்டாலோ, முடக்கி வைத்திருந்தாலோ கூடுதல் வாட் கிடைக்காது. என்விடியா டிரைவரை `Clean installation` போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் கம்பெனி பக்கத்தில் உள்ள பழைய டிரைவரை முதலில் போட்டு, அதன் மேல் புதியதைப் போடுங்கள்.

லினக்ஸில் இதே வேலையைச் செய்வது ஒரு சர்வீஸ். கல்லூரிப் பிள்ளைகள் உபுண்டுவில் மாடல் ட்ரெய்னிங் ஓட்டிவிட்டு "விண்டோஸைவிட ஸ்லோ" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்:

```
systemctl status nvidia-powerd
sudo systemctl enable --now nvidia-powerd
```

கேமில் சிபியுவும் கடுமையாக வேலை செய்தால், டைனமிக் பூஸ்ட் வாட்டைச் சிப்புக்குத் தராமல் சிபியுவிடமே விட்டு வைக்கும். அப்போது 140 என்று எழுதியது 115-இல் நிற்கும். அது இயல்பு, தேட வேண்டாம்.

## அறிகுறி 4: ஒரு இடத்தில் ஓடுகிறது, இன்னொரு இடத்தில் ஓடவில்லை

சார்ஜர்.

பேட்டரியில் மட்டும் ஓட்டினால் எந்த கேமிங் லேப்டாப்பும் வாட்டைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியால் அவ்வளவு கரண்ட்டைக் கொடுக்க முடியாது. இதற்குத் தீர்வு கிடையாது. செருகிய நிலையில் குறைந்தால்தான் பழுது.

சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் பெருக்கிப் பாருங்கள். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். கோபியிலிருந்து கோவைக்குப் படிக்க வந்த தம்பி ஒருவர், செங்கல் கனத்தில் இருக்கும் சார்ஜரை ஊரிலேயே வைத்துவிட்டு, ஹாஸ்டலில் 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஓட்டிக்கொண்டிருந்தார். சார்ஜ் ஏறியது, அதனால் சந்தேகமே வரவில்லை. ஆனால் அந்த 65 வாட்டுக்குள்தான் சிபியு, திரை, சிப் எல்லாம் பிழைக்க வேண்டும். வீட்டில் ஓடிய கேம் ஹாஸ்டலில் ஓடாமல் போனது அதனால்தான்.

சார்ஜர் செருகியிருக்கும்போதே கேமில் பேட்டரி சதவீதம் மளமளவென்று இறங்கினால் சார்ஜர் போதவில்லை. சோதிக்க, அதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரிஜினல் சார்ஜரை வாங்கிச் செருகிப் பாருங்கள். சரியானால் விஷயம் முடிந்தது.

'கம்பேட்டிபிள்' என்று குறைந்த விலைக்கு வாங்கிய சார்ஜரில் இன்னொரு சிக்கல் உண்டு. சில கம்பெனி சார்ஜர்களின் முனையில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்பதை மிஷினுக்குச் சொல்வது அதுதான். ஊசி வளைந்தாலோ, டூப்ளிகேட்டில் அந்தத் தகவலே இல்லாவிட்டாலோ, மிஷினுக்குச் சந்தேகம் வந்து மொத்த வேகத்தையும் அமுக்கிவிடும். ஆன் செய்யும்போது சார்ஜரை அடையாளம் காண முடியவில்லை என்ற எச்சரிக்கை வரும். அதை எண்டர் தட்டித் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரிஜினல் சார்ஜரிலும் அதே எச்சரிக்கை வந்தால் மிஷினில் உள்ள ஜாக் அல்லது போர்டு. இங்கே நிறுத்திவிட்டுக் கடைக்கு வாருங்கள்.

உப்பிய பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி கரண்ட்டில் ஓட்டுகிறவர்களும் இந்தத் தலைப்பில்தான் சேர்வார்கள். பல மாடல்கள் பேட்டரி இல்லை என்று தெரிந்தவுடன் வேகத்தைப் பூட்டிவிடும். ஏனென்றால் திடீரென்று கூடுதல் கரண்ட் தேவைப்படும்போது சார்ஜருக்குக் கைகொடுப்பது பேட்டரிதான். புதிய பேட்டரி போட்டால் வேகம் திரும்பும். உப்பியதைக் கழற்றியது சரியான வேலை, அதைத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 5: வாட் குறைவாக இருக்கிறது, ஆனால் சிப்பும் சும்மா இருக்கிறது

நான்காவது எண் 50, 60 என்று நிற்கிறது. இது வாட் வரம்பு இல்லை. சிப்புக்கு வேலை போய்ச் சேரவில்லை.

பார்க்க வேண்டிய வரிசை: கேமிலோ என்விடியா கண்ட்ரோல் பேனலிலோ ஃப்ரேம் வரம்பு வைத்திருக்கிறதா, வி-சின்க் போட்டிருக்கிறதா? அப்புறம் ராம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் `Slots used: 1 of 2` என்றிருந்தால் ஒற்றைச் சேனல். அதே அளவில் இன்னொரு ராம் போட்டாலே நிறைய கேம்களில் வித்தியாசம் தெரியும். எங்கள் பக்கம் கடைகளில் விலையைக் குறைத்துக் காட்ட ஒற்றை ராமோடு விற்கப்படும் மாடல்கள் ஏராளம். மூன்றாவது, மக்ஸ் ஸ்விட்ச் உள்ள மிஷின் என்றால் கம்பெனி ஆப்பில் திரையை நேராக என்விடியா சிப்போடு இணைக்கும் நிலைக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் சிப் சும்மா இருந்தால் சிபியுதான் மெதுவாக இருக்கிறது. அதற்கும் இரண்டாவது அறிகுறியில் சொன்ன பஞ்சே காரணமாக இருக்கலாம். சிபியுவின் வெப்பத்தை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற ஆப்பில் பாருங்கள்.

## எப்போது கடைக்கு

சார்ஜரை மாற்றியும் `HW Power Brake Slowdown` ஆக்டிவாகவே இருந்தால், குளிர்ந்த நிலையில் ஆன் செய்த முதல் நிமிடத்திலேயே சிப் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாவிட்டால், லோடு கொடுத்ததும் மிஷின் சட்டென்று அணைந்தால், அது போர்டில் சிப்புக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி அல்லது அதை அளக்கும் பகுதி. வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை. மீட்டரும் ஹாட் ஏர் ஸ்டேஷனும் வைத்து போர்டு வேலை செய்கிறவர்களிடம் போக வேண்டும். வாரண்டி இருந்தால் கம்பெனி சென்டரில் போர்டை மாற்றித் தரக் கேளுங்கள். வாரண்டி முடிந்து, போர்டு விலை மிஷின் விலையில் பாதியைத் தொட்டால் மாற்றுவதற்கு நான் சொல்ல மாட்டேன்.

கொண்டு வரும்போது முதல் வரி, கடைசி வரி என்று எழுதி வைத்த சீட்டையும், தினமும் பயன்படுத்தும் அதே சார்ஜரையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். சார்ஜர் இல்லாமல் வரும் மிஷினை எங்கள் சார்ஜரில் போட்டால் அது நன்றாகவே ஓடிக் காட்டும்.